கசூரினாவில் சோளகக் காலத்து நீச்சல்

யாழ்ப்பாணம்

அன்புள்ள குகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடியில் மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்றதும் அம்மா ஒடியல் கூழுக்கு ஆயத்தமாகிவிட்டார். எனக்கும் இங்கே குறையொன்றும் இல்லை. முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

கசூரினாவில் நீந்த வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீந்துவோம். ஆனால் நீ வருவது சோளகக் காலம். அந்தக் கரை வடக்கைப் பார்த்தது. காற்றோ தென்மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரம் குளம்போலத் தெரியும். அந்த அமைதியை நம்பித்தான் பலர் வெளியே போகிறார்கள். தூரம் போகப் போகத்தான் காற்று நீரைப் பிடித்துச் சிற்றலைகளை எழுப்பும். மேல்நீரும் வெளியே நகரும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றென்றால், நீர் நிமிடத்துக்குச் சுமார் 10 மீற்றர் நகரலாம்.

நீ நிமிடத்துக்கு 30 மீற்றர் நீந்துபவன் என்று வைத்துக்கொள். போகும்போது 40 கிடைக்கும். கால் மணித்தியாலத்தில் 600 மீற்றர். உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றும். திரும்பும்போது கிடைப்பது 20 மட்டும். அரை மணித்தியாலம் வேண்டும். களைத்து உன் வேகம் 25 ஆகக் குறைந்தால் 40 நிமிடம். அதுவும் முகத்தில் அடிக்கும் அலைக்கு எதிராக.

ஆகவே வெளியே நேராகப் போகாமல், கரைக்கு இணையாக, கால் எட்டும் ஆழத்தில் நீந்துவோம். முதலில் ஓட்டத்துக்கு எதிர்த்திசை. இறங்கியதும் ஒரு நிமிடம் அசையாமல் மித. கரையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு மரங்களைப் பார். அவை விலகிப்போனால், நீர் உன்னைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது. (மணற்காட்டுப் பக்கம் வேறு கதை. அங்கே அலை உடையாத இடைவெளியில் நீர் வெளியே இழுக்கும். அதில் அகப்பட்டால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலக வேண்டும்.)

இருவர் நீந்தினால் வேகத்தை மெதுவானவர் தீர்மானிக்கட்டும். ஒருவர் "திரும்புவோம்" என்றால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. இடையிடையே நின்று பேசு. "சரியா?" என்று கேட்காதே, களைத்தவனும் "ஓம்" என்றுதான் சொல்வான். "எந்த மரத்துக்கு நேரே நிற்கிறோம்?" என்று கேள். பதில் தாமதித்தாலோ குழம்பினாலோ உடனே கரைக்கு.

அதற்கு முன்பே உடம்பு காட்டிக்கொடுக்கும். கை வீச்சு குறுகும், கால்கள் தாழும், மூச்சுக்காகத் தலை அடிக்கடி உயரும், நேர்கோடு வளையும். உடம்பு செங்குத்தாகி, முன்னேறாமல் வாய் நீர்மட்டத்தில் நின்றால் அவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். கத்த மூச்சு இருக்காது. உன் மகனுக்கும் இதைச் சொல்லிவை. அப்படி ஒருவரைக் கண்டால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போகாமல், மிதவையை அவரிடம் தள்ளிவிட்டு உதவிக்குக் கூப்பிட வேண்டும்.

இடுப்பில் கட்டி இழுக்கும் செம்மஞ்சள் மிதவை மூன்று வாங்கி வா. விடியற்காலையில் காற்று ஏறுமுன் இறங்கி, ஏறியதும் வெளியே வந்துவிடலாம். விமான நேரத்தை எழுது, கூட்டிவர வருகிறேன்.

அன்புடன்,
சிவம்