செல்வராசுக்கு: 50 சென்ட் கத்தரியும் இயற்கை வெள்ளாமையும்

அன்புள்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடியும் தோட்டம் வரைக்கும் நடந்து போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, பெரியவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

மகன் பனியன் கம்பெனி வேலையை விட்டு வந்து, 50 சென்ட் கத்தரியையும் இயற்கைக்கு மாற்றச் சொல்கிறான், நீ தயங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். எரு, மருந்து பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு முதலில் விற்பனையைப் பார். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உன் நோட்டில் இருக்கும் எண்களை வைத்து நீயே திருத்திக்கொள்.

மருந்தடிக்கிற வெள்ளாமையில் 5,000 கிலோ, சராசரி 20 ரூபாய் என்றால் ஒரு லட்சம் வரும். செலவு 50,000 போக மிச்சம் 50,000. இயற்கையில் முதல் இரண்டு வருஷம் காய் குறையும். 3,500 கிலோ என்று வை. உரம், மருந்துச் செலவு மிச்சமானாலும் களை ஆளும் வண்டி வாடகையும் அதைத் தின்றுவிடும், அதனால் செலவு அதே 50,000 என்றே வைக்கிறேன். பாதிக் காயைத் தெரிந்த வீடுகளுக்கு 40 ரூபாய்க்கும் மீதியை மண்டிக்கு 20 ரூபாய்க்கும் போட்டால் 1,05,000 வரும், மிச்சம் 55,000. வீடுகளுக்குப் போவது கால் பங்குதான் என்றால் மிச்சம் 37,500 ஆகிவிடும். மண்டியில் இயற்கைக் காய்க்குத் தனி விலை கிடையாது. ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைக்குக் கொண்டுபோனால் கமிஷன் இல்லை, ஆனால் அங்கேயும் பலகையில் எழுதிய விலைதான்.

விலை சரிகிற வருஷத்தைப் பார். மண்டியில் கிலோ 6 ரூபாய்க்கு இறங்கினால் மருந்து வெள்ளாமையில் கையிலிருந்து 20,000 போகும். பாதிக் காய் அதே 40 ரூபாய்க்கு வீடுகளுக்குப் போகிற தோட்டத்தில் அப்போதும் 30,500 நிற்கும். விலை ஆபத்துக்கு இயற்கை நல்ல காப்பு, ஆனால் அந்த வாடிக்கை வீடுகள் இருந்தால்தான்.

இனி அந்த வீடுகளை எண்ணிப் பார். பாதி என்றால் 1,750 கிலோ. நாலு மாதப் பறிப்பில் வாரம் 110 கிலோ வரும். ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கத்தரி யார் வாங்குவார்கள்? நூறு வீட்டுக்கு மேல் வேண்டும். அதே 50 சென்ட்டைப் பத்துப் பத்து சென்ட்டாகப் பிரித்து, வெண்டை, அவரை, பீர்க்கை, கீரை என்று இரண்டு மூன்று வார இடைவெளி விட்டு விதைத்தால், ஒரு வீடு வாரம் 5 கிலோ வாங்கும். 25 வீடு போதும். இயற்கைக்கு மாறுவது என்றால் ஒற்றைப் பயிரை விடுவது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். வேலை கூடும், மகன் கூட நிற்பதால் உனக்கு அது முடியும்.

காய் ஆபத்தும் உண்டு, அதுவும் கத்தரியில்தான் அதிகம். நட்டு ஒரு மாதம் ஆனதும் காலையில் வரப்பு வரப்பாக நடந்து பார். செடி முழுக்கப் பச்சையாக நிற்கும், ஒரு நுனி மட்டும் தலை தொங்கி வாடியிருக்கும். கிள்ளிப் பிளந்தால் உள்ளே வெளுத்த ரோஸ் நிறப் புழு இருக்கும். காய்த்துளைப்பான் அது. வாடிய நுனியை வாரம் ஒரு தடவையாவது கிள்ளி எடுத்து எரித்துவிட வேண்டும், அங்கேயே போட்டால் கூட்டுப்புழுவாகித் திரும்பும். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து என்ற அளவில் கட்டு. வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து சாயங்காலம் அடி. காய்க்குள் போய்விட்ட புழுவை இது எதுவும் தொடாது. சொத்தைக் காய் கூடையில் நாலில் ஒன்றுக்கு மேல் போனால், கையில் ஆள் இல்லாத வருஷத்தில் அந்தக் கத்தரியை விட்டுவிடு.

மருந்து வெள்ளாமையிலும் அந்தப் புழு அவ்வளவு லேசாகப் போவதில்லை. மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை பறிக்கிற காய்க்கு, அடித்தபின் விட வேண்டிய இடைவெளியே கிடைப்பதில்லை. மருந்தடித்த காய் கூடைக்குப் போவதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருக்கிற சிறு விவசாயி வாடிக்கையாளருக்கு நேரே விற்றால் சான்றிதழ் வேண்டியதில்லை, இயற்கை முத்திரையை மட்டும் போடக்கூடாது. கடைக்குக் கொடுக்க நினைத்தால் அப்புறம் பார்க்கலாம்.

என் யோசனை, இந்த ஆடிப்பட்டத்தில் 20 சென்ட்டை மட்டும் மாற்று. மீதி 30 சென்ட் பழையபடியே ஓடட்டும், வீட்டுச் செலவு அதில் வந்துவிடும். பக்கத்து மருந்து காற்றில் வராமல் நடுவில் இரண்டு வரிசை சோளம் போடு. ஈரோட்டில் உங்கள் சொந்தக்காரர் வீடுகளையும் பையனின் பழைய கம்பெனி ஆட்களையும் கேட்டு, வாரம் எத்தனை வீடு நிச்சயம் என்று எழுதி அனுப்பு. பத்து வீட்டுக்குக் கீழே என்றால் எந்தப் பயிரை விட்டுவிடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் ராமசாமி