இளஞ்சிவப்பு வரவில்லை என்றால்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கிணற்று நீர்ப் பரிசோதனைக் கட்டுரையில், “மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு வராவிட்டால் நைட்ரேட் இல்லை” என்று வந்திருக்கிறது. அது சரியல்ல. அந்த நிறம் நைட்ரைட்டுக்கு மட்டும்தான் வரும். அமிலத்தில் நைட்ரைட் சல்ஃபனிலமைடோடு சேர்ந்து டயசோ உப்பாகிறது. அந்த உப்பு, அடுத்து விடும் நாஃப்தைல் எத்திலீன் டைஅமீனைப் பற்றிக்கொண்டு இளஞ்சிவப்புச் சாயமாகிறது. நைட்ரேட் இதில் கலந்துகொள்வதே இல்லை. காற்றோட்டமுள்ள கிணற்றிலோ பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைச் சீக்கிரமே நைட்ரேட்டாக மாற்றிவிடும். அதனால் உரம் இறங்கிய கிணற்று நீரும் நிறமே காட்டாமல் இருக்கலாம்.

நைட்ரேட்டை அளக்க, முதலில் அதை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். தாமிரம் பூசிய காட்மியத் துகள்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே நீரை மெதுவாக இறக்கி, அப்புறம் அதே மருந்துகளை விடுவோம். வருவது இரண்டும் சேர்ந்த அளவு. முன்பே இருந்த நைட்ரைட்டைக் கழித்தால் மிச்சம் நைட்ரேட்.

நான் பரிசோதனைக்கூடத்தில் இருந்தபோது, கைக்குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து கிணற்று நீர் வந்தது. நேரடிச் சோதனையில் நிறமே இல்லை. 2 மி.லி. நீரை 100 மி.லி. ஆக்கி, அதிலிருந்து எடுத்துக் குழாயில் விட்டேன். லிட்டருக்கு 0.20 மி.கி. என்று வந்தது. 50 மடங்கு நீர்த்ததால் 10. இது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்லும் கணக்கு. நைட்ரேட்டாக மாற்ற 4.43ஆல் பெருக்கினால் 44. இந்தியத் தர நிர்ணய வரம்பு 45. மயிரிழையில் தேறிவிட்டது.

ஆனால் குழாயில் காட்மியம் மங்கிக் கிடந்தது எனக்கு உறுத்தியது. லிட்டருக்கு 0.50 மி.கி. நைட்ரேட் நைட்ரஜன் கொண்ட தரக் கரைசலை விட்டுப் பார்த்தேன். 0.31தான் வந்தது. நைட்ரேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நைட்ரைட்டாக மாறாமலே வெளியே போயிருக்கிறது! துகள்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, தாமிர சல்ஃபேட் கரைசலில் நீலம் வெளிறும்வரை குலுக்கி, மறுபடி நிரப்பினேன். தரக் கரைசல் 0.50 காட்டியது. கிணற்று நீர் 0.32 காட்டியது. அதாவது 16, நைட்ரேட்டாக 71.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அறிக்கையில் வெறும் 16 என்று எழுதினால், 45க்குக் கீழேதானே என்று வீட்டுக்காரர் நிம்மதியாகக் குடிப்பார். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தையின் உடலில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுக்கும். பால் கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள் என்று அன்றே ஆள் அனுப்பிச் சொன்னோம்.

அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை பேர் கிணற்றடியில் சோதித்துப் பார்த்திருப்பார்களோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப் பரிசோதனைக்கூட ஊழியர்