செல்வத்துக்கு, நீ அனுப்பிய பக்கத்தைப் பற்றி

கிருஷ்ணகிரி

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். வேடியப்பன் படத்துக்குப் பணம் திரட்ட நீ எழுதிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதல் பத்தியில் ‘மறைந்துவரும் பாரம்பரியத்தை மீட்கும் முயற்சி’ என்று எழுதியிருக்கிறாய். படிப்பவருக்கு அதில் ஒரு காட்சியும் தெரியவில்லை. இப்படித் தொடங்கிப் பார்: ‘ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லை ஊர் வேடியப்பன் என்று கும்பிடுகிறது. மாடு மீட்கப் போய் மாண்ட அந்த வீரனின் கதையை, ஊர்க்காரர்களே குரல் கொடுத்து, தாளில் வரைந்து, 6 நிமிடப் படமாக எடுக்கிறோம்.’ அதன் கீழே முடிந்துபோன 20 விநாடிக் காட்சியை வை. நீங்கள் கேமரா முன் உட்கார்ந்து பேசும் வீடியோ அதற்குப் பிறகு வரட்டும். பணம் தருபவருக்கு முதலில் தெரிய வேண்டியது உங்களுக்கு வரைய வருமா என்பதுதான்.

நன்றிப் பரிசுகளில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. 1000 ரூபாய்க்கு டி-ஷர்ட் என்கிறாய். தளத்துக்கு 5 சதவீதம், பணம் செலுத்தும் வழிக்கு 2 சதவீதம், இரண்டின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்தால் 83 ரூபாய் போகிறது. சட்டை 300, உறை 20, கூரியர் 90. படத்துக்கு வருவது 507 ரூபாய். அளவு மாற்றிக் கேட்பவர்களும் விற்காமல் தங்கும் சட்டைகளும் இந்தக் கணக்கில் இல்லை. தருபவர் படத்துக்குத் தந்ததாக நினைப்பார், பாதிப் பணம் சட்டைக்கும் கட்டணத்துக்கும் போயிருக்கும்.

உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத பொருள் ஒன்று இருக்கிறது, படத்துக்காக வரைந்த தாள்கள். விநாடிக்கு 24 ஃபிரேம், வரைந்த ஒரு படம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும் என்றால் விநாடிக்கு 12 படம், 6 நிமிடத்துக்கு 4320. அசையாமல் நிற்கும் காட்சிகளைக் கழித்தாலும் ஆயிரக்கணக்கில் தாள் மிஞ்சும். கீழ்விளிம்பில் தாள் நகராமல் பொருத்தும் மூன்று பெக் துளை, மூலையில் பென்சிலால் எழுதிய காட்சி எண், அழித்து மறுபடி வரைந்த கோட்டின் தடம் என்று அந்தத் தாள் படத்தின் ஒரு துண்டாகவே இருக்கும். 1000 ரூபாய்க்கு அதைக் கொடு. கெட்டி அட்டை, உறை, தபால் எல்லாம் சேர்த்து 85 ரூபாய் என்றால் 832 ரூபாய் படத்துக்கு நிற்கும். ஆனால் எடிட்டிங் முடிந்து பூட்டும்வரை ஒரு தாளும் வெளியே போகக் கூடாது. ஸ்கேனில் கோணலாக விழுந்த படம் கடைசி வாரத்தில்தான் கண்ணில் படும், அப்போது மூலத்தாள் வேண்டும். அதனால் பக்கத்திலேயே ‘படம் வெளியான பிறகு அனுப்புவோம்’ என்று எழுதிவிடு.

5000 ரூபாய்க்கு, மந்தைக் காட்சியின் கூட்டத்தில் தந்தவரின் முகத்தை வரைவதாகச் சொல்லியிருப்பது நல்ல யோசனை. ஆனால் எத்தனை பேருக்கு என்று எழுதவில்லை. ஒரு முகத்துக்கு ஒரு நாள் போகும், 10 பேரோடு மூடு. திரட்டல் முடிந்த இரண்டு வாரத்துக்குள் போட்டோ வர வேண்டும் என்றும் எழுது. லேஅவுட் முடிந்த பிறகு வரும் முகத்துக்கு இடம் செய்ய, வரைந்த காட்சியைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

இப்போது மொத்தம். 250 ரூபாய்க்கு 120 பேர், 500-க்கு 200, 1000-க்கு 120, 5000-க்கு 10 என்றால் 3,00,000. கட்டணம் 24,780. தாள் அனுப்ப 10,200. பெரிய தொகைக்காரர்களுக்கு அவரவர் முகத்தை ஃபிரேம் போட்டுத் தர 6,000. கையில் நிற்பது 2,59,020. உங்கள் செலவு 2,40,000 என்றால் மீதி 19,020 குரல்பதிவை மறுபடி எடுக்க வேண்டி வந்தால் உதவும். இலக்கை 2,40,000 என்றே போட்டால் பணம் முழுதாக வந்தும் படம் பாதியில் நிற்கும்.

500 ரூபாயிலிருந்து பெயர் போடுவதாகச் சொல்லியிருக்கிறாய், அதைக் கீழே இறக்காதே. அந்தக் கணக்கில் 330 பெயர். ஒரு திரைக்கு 42 பெயர் என்றால் 8 திரை, 5 விநாடி வீதம் 40 விநாடி. 100 ரூபாய்க்கும் பெயர் என்றால் பெயர் ஓடுவதே படம்போல் நீளும். பணம் கட்டும் படிவத்தில் ‘திரையில் எப்படி வர வேண்டும், தமிழில் எழுதுங்கள்’ என்று ஒரு கட்டம் வை. வங்கிக் கணக்கில் இருப்பது ஆங்கில இனிஷியல். நம் பக்கம் பலர் இறந்துபோன அம்மா பெயரில் தருவார்கள், அந்தப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் மனசு கஷ்டப்படும்.

திருத்திய பக்கத்தை அனுப்பு, வெளியிடுவதற்கு முன் இன்னொரு முறை பார்க்கிறேன். தாள் அனுப்பும் உறையின் விலையை உங்கள் ஊரிலும் விசாரித்து வை.

அன்புடன்,
குமார்