பொங்கல் விருந்துக்கு யார் என்ன கொண்டு வருவது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை காலை நம் பள்ளியில் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகள் 260 பேர். பெற்றோர், ஆசிரியர்கள், தெருவில் நாம் அழைத்திருக்கும் துப்புரவுப் பணியாளர்கள், ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்மார் என்று பெரியவர்கள் 140 பேர் வருவார்கள். ஆக 400 பேருக்குச் சாப்பாடு. வெண்பொங்கல், சாம்பார், சர்க்கரைப் பொங்கல், ஆளுக்கு ஒரு துண்டுக் கரும்பு, அவ்வளவுதான். வடையும் போடலாமே என்று பலர் கேட்டீர்கள். 400 பேருக்கு வடை சுடத் தனி அடுப்பும் நான்கு ஆட்களும் வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

இந்த முறை ஒன்றை எல்லோரும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று கொண்டு வர வேண்டாம். நல்ல மனத்தோடு கொடுப்பதுதான். ஆனால் ஒரு வீட்டு அரிசி இந்த வருஷத்துப் புது அரிசியாக இருக்கும், இன்னொரு வீட்டில் ஒரு வருஷம் இருந்த பழைய அரிசியாக இருக்கும். புது அரிசி குறைந்த தண்ணீரில் சீக்கிரம் குழையும், பழையது கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். இரண்டும் ஒரே அண்டாவில் விழுந்தால் ஒரு பாதி களியாகும்போது மறு பாதி நறுக்கரிசியாக நிற்கும். எத்தனை நல்ல சமையல் மாஸ்டர் வந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பருப்பும் அப்படித்தான். அதனால் ஒரு பொருள் என்றால் அது ஒரே கடையில், ஒரே மூட்டையில் இருந்து வர வேண்டும். ஒவ்வொரு வகுப்புப் பெற்றோரும் தங்களுக்குள் பேசிச் சில பொருள்களை முழுசாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி யாரிடமும் பணம் வாங்காது. பொருளாகத் தர முடியாதவர்கள் காய் நறுக்கவோ பரிமாறவோ வந்தால் போதும், அதற்கும் ஆள் வேண்டும். சத்துணவுக்கு வந்திருக்கும் அரிசி, பருப்பு எதையும் இதற்குத் தொட மாட்டோம்.

அரிசியும் பருப்பும் நான்காம் வகுப்புப் பெற்றோர் பொறுப்பு. கணக்கை எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன், கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரைப் பொங்கலும் கூட இருப்பதால் வெண்பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துப் பிள்ளைக்கு 60 கிராம், பெரியவர்களுக்கு 90 கிராம் என்று எடுத்தோம். 260 பிள்ளைகளுக்கு 15.6 கிலோ, 140 பெரியவர்களுக்கு 12.6 கிலோ, மொத்தம் 28 கிலோவுக்குச் சற்று மேல். அதில் பச்சரிசி 22 கிலோ, பாசிப்பருப்பு 6 கிலோ. சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி 8 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ. ஆக நீங்கள் வாங்க வேண்டியது பச்சரிசி 30 கிலோ, பாசிப்பருப்பு 8 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 8 கிலோ, புளி ஒன்றேகால் கிலோ. அரிசி வாங்கும்போது பழையதா புதியதா என்று கடைக்காரரிடம் கேட்டு, மூட்டை மேலேயே எழுதி வையுங்கள். மாஸ்டர் அதைப் பார்த்துத்தான் தண்ணீர் வைப்பார். முடிந்தால் முந்தின நாள் வீட்டில் ஒரு டம்ளர் அரிசியைப் பொங்கிப் பாருங்கள். நான்கரைப் பங்கு தண்ணீர் சரியாக இருக்கிறதா, நான்கே போதுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வெல்லம் இரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு. 15 கிலோ வேண்டும். பொங்கலுக்குள் போவது 14 கிலோதான், கரைத்து வடிகட்டும்போது கழிவு போகும் என்பதால் ஒரு கிலோ கூடுதல். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை வாங்காதீர்கள். நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்கும் வழக்கம் உண்டு. பழுப்பாக இருப்பதே நல்லது. எந்த வெல்லமானாலும் மண்ணும் கரும்புச் சக்கையும் இருக்கும், அப்படியே அண்டாவில் தட்டிப் போட்டால் பிள்ளைகள் வாயில் நறநறவென்று கடிபடும். நான்கு லிட்டர் வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிய பிறகுதான் சேர்க்க வேண்டும். துணியும் நீங்களே கொண்டு வாருங்கள், வெள்ளை வேட்டித் துண்டு ஒன்று போதும். இன்னொரு விஷயம், அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். அதற்கு முன்னால் சேர்த்துவிட்டால் பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அரிசி வேகாது. கொதிக்கிற பாலில் நேராக ஊற்றினால் பால் திரிந்துவிடும். பாலும் உங்கள் பொறுப்புதான், ஆவின் பால் 5 லிட்டர். அன்று காலை ஐந்தரைக்குள் வந்துவிட்டால் போதும், முந்தின நாளே வாங்க வேண்டாம். ஏலக்காய் 50 கிராம், வீட்டிலேயே பொடித்து வாருங்கள்.

நெய், முந்திரி, மிளகு எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர். நெய் 5 கிலோ, அதில் வெண்பொங்கலுக்கு 3, சர்க்கரைப் பொங்கலுக்கு 2. முந்திரி ஒன்றே முக்கால் கிலோ, திராட்சை அரை கிலோ. மிளகும் சீரகமும் கால் கால் கிலோ, இஞ்சி முக்கால் கிலோ, பெருங்காயம் 50 கிராம், சாம்பார்ப் பொடி ஒரு கிலோ, கல்லுப்பு 3 கிலோ, நல்லெண்ணெய் 4 லிட்டர். மொத்தமாக வாங்குவதால் பாரிமுனைப் பக்கம் போனால் விலை குறையும். மிளகைப் பாதியாக உடைத்து வையுங்கள். முழு மிளகாகப் போட்டால் சின்னப் பிள்ளைகள் பொறுக்கித் தட்டோரம் தள்ளிவிடுவார்கள், பொடியாகப் போட்டால் காரம் தாங்காது. முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முந்திரி சேர்க்கும் முன்பே ஒரு தூக்கு நிறைய இரண்டு பொங்கலையும் தனியாக எடுத்து, மூடியில் பெயர் ஒட்டி வைப்போம்.

காய்கறிக்கு மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கோயம்பேடு போக வேண்டும். பரங்கிக்காய் 6 கிலோ, கத்தரிக்காய் 5, பச்சை மொச்சை உரித்தது 2, சர்க்கரைவள்ளிக் கிழங்கு 3, சின்ன வெங்காயம் 4, தக்காளி 5. கறிவேப்பிலை, கொத்துமல்லி, பச்சை மிளகாய் பார்த்து வாங்குங்கள். முருங்கைக்காயைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும், அந்தப் பணத்துக்கு மொச்சையே கூட வாங்கலாம். 12ஆம் தேதி காலையில் போய் வந்துவிடுங்கள். பொங்கலுக்கு முந்தின நாள்களில் கரும்பு லாரியும் மஞ்சள் கொத்துமாக அங்கே நிற்க இடமிருக்காது, வண்டியை வெளியே நிறுத்தி மூட்டையைத் தூக்கிவர இரண்டு ஆண்களாவது வேண்டும். அன்று மாலை நான்கு மணிக்குப் பள்ளியில் உட்கார்ந்து பரங்கியையும் வெங்காயத்தையும் மட்டும் நறுக்குவோம். கத்தரிக்காயை முந்தின நாளே நறுக்கினால் கறுத்துவிடும், அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்புப் பெற்றோர் பாக்குமட்டைத் தட்டு 450 வாங்கினால் போதும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதத் தட்டு வேண்டாம், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் அவரவர் டம்ளரைக் கொண்டு வரட்டும்.

பாத்திரம், அடுப்பு, எரிவாயு, தண்ணீர், கரும்பு ஆகியவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழு பார்த்துக்கொள்கிறது. நூறு லிட்டர் அண்டா இரண்டு, எண்பது லிட்டர் அண்டா இரண்டு, நீளக் கரண்டி, வாளி, தூக்கு எல்லாம் வாடகைப் பாத்திரக் கடையில் 12ஆம் தேதி எடுக்கிறோம். வெண்பொங்கலை ஒரே அண்டாவில் வைக்காமல் இரண்டாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொன்றிலும் அரிசி 11 கிலோ, பருப்பு 3 கிலோ, தண்ணீர் 63 லிட்டர் போகும். அதற்கு மேல் ஒரே பாத்திரத்தில் போட்டால் அடிவரை கரண்டி போகாது, அடிப்பிடிக்கும். தீய்ந்த வாசனை வந்துவிட்டால் யாரும் கிளறவோ அடியைச் சுரண்டவோ கூடாது. உடனே அடுப்பை அணைத்து, மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் வாசனை ஏறாமல் தப்பிக்கலாம்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இருபது. சமையலுக்கு மட்டுமே 220 லிட்டர் பக்கம் ஆகும், குடிக்க 120. மீதி, பொங்கல் இறுகினால் இளக்குவதற்கான வெந்நீர். கை கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் குழாய்த் தண்ணீர் போதும். எரிவாயுவுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு. வீட்டு சிலிண்டர் தருகிறேன் என்று சிலர் சொன்னீர்கள், நன்றி, ஆனால் அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அடுப்புப் பக்கம் கயிறு கட்டிவிடுவோம், அதற்குள் மாஸ்டரும் பெரியவர்கள் ஆறு பேரும் மட்டும் இருப்பார்கள். அந்த ஆறு பேரும் பருத்தி உடையில் வாருங்கள், சேலை என்றால் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள்.

காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம். முதலில் சர்க்கரைப் பொங்கல், அது ஆறினாலும் நன்றாக இருக்கும். ஏழரைக்குச் சாம்பார். வெண்பொங்கலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் ஏற்றுவோம். அது நேரம் ஆக ஆக இறுகும் என்பதோடு, சூடாக இறக்கிச் சூடாகவே பரிமாறினால்தான் கெடாது. பதினொரு மணிக்குச் சின்ன வகுப்பு முதல் பந்தி, பதினொன்றே முக்காலுக்குப் பெரியவர்கள். மீதமானதை ஒரு மணிக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். மாலைவரை வைத்திருந்து வீட்டுக்கு எடுத்துப் போக யாரும் கேட்க வேண்டாம்.

வாங்கிய பொருள்களை 12ஆம் தேதி மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள் அலுவலக அறையில் ஒப்படையுங்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை தராசோடு இருப்பார், எடை பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். குறைந்தால் அன்று மாலைக்குள் வாங்க நேரம் இருக்கும். எந்த வகுப்பில் யார் முன்னின்று வாங்குகிறார்கள் என்பதை ஜனவரி 7க்குள் பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். பரிமாறவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிறவர்கள் அதிலேயே குறிப்பிடுங்கள். தேய்க்க இதுவரை மூன்று பேர்தான் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் ஐந்து பேர் தேவை.

அன்புடன்,
தலைமையாசிரியர்