மாற்ற வேண்டியது பேட்டரியை மட்டும்தான்

மடிக்கணினி சேவை மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் என் மகளின் மடிக்கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், "நான்கு வருடம் ஆகிவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பினீர்கள். அதற்கு முந்தைய நாள், இணையவழி நேர்முகத் தேர்வில் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, 32 சதவீதம் காட்டிய திரை சட்டென்று அணைந்தது. அவர்கள் மறுபடியும் அழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை நானே செய்தேன். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒரே வரி:

```
powercfg /batteryreport
```

வந்த அறிக்கையில் DESIGN CAPACITY 50,000 mWh. FULL CHARGE CAPACITY 27,500 mWh. அதாவது புதிதில் கொண்ட மின்சாரத்தில் 55 சதவீதம்தான் இப்போது கொள்கிறது. CYCLE COUNT, அதாவது சார்ஜ் சுழற்சிகளின் எண்ணிக்கை, 640. தேய்ந்த பேட்டரியில் உள்தடை கூடிவிடும். காணொளி அழைப்பு திடீரென்று அதிக மின்சாரம் கேட்டதும் மின்னழுத்தம் சரிந்து, கணினி அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகிவிட்டால் அதே கணினி நாள் முழுக்கத் தடங்கலின்றி ஓடுகிறது. பழுது எங்கே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பேட்டரியை மாற்றித் தாருங்கள்.

"தினமும் இரண்டு முறை சார்ஜ் போட்டால் சுழற்சி சீக்கிரம் தீரும்" என்றார் உங்கள் ஊழியர். செருகும் தடவைகளை எண்ணுவதில்லை ஐயா. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவானால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. சுழற்சி மட்டுமா தேய்க்கிறது? எந்நேரமும் நூறு சதவீதத்தில், சூட்டில் கிடப்பதும்தான். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளில் உண்டு. வாங்கும்போது அதை ஒருவரும் சொல்வதில்லை. புதிது வாங்கச் சொல்ல மட்டும் வாய் வருகிறது. செருப்பின் வார் அறுந்தால் காலை மாற்றச் சொல்லாத வரையில் மகிழ்ச்சி.

புதிது வாங்குவதே சரி என்ற நிலையும் உண்டு, மறுக்கவில்லை. மதர்போர்டு பழுதாகியிருந்தால், கூட்ட முடியாதபடி பற்றவைத்த ரேம் அன்றாட வேலைக்கே போதாவிட்டால், இயங்குதளத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டால், புது பேட்டரிக்குச் செலவழிப்பது வீண். இந்தக் கணினியில் இவற்றில் ஒன்றும் இல்லை. பேட்டரி உப்பி டச்பேடு மேலெழுந்திருந்தால், அதே நொடியில் பயன்பாட்டை நிறுத்தச் சொல்வது உங்கள் கடமை. அதற்காவது மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: இந்த மாடலுக்குரிய அசல் பேட்டரியை வரவழைத்து மாற்றித் தாருங்கள். இனி வருபவர்களிடம் "புதிது வாங்குங்கள்" என்று சொல்லுமுன், அந்த அறிக்கையை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். திங்கட்கிழமை கணினியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பி அனுப்பப்பட்ட வாடிக்கையாளர்