பொருள்: எங்கள் கணக்குக்கு நீங்கள் போட்ட பிரைஸ் வாட்டர்ஃபால் சார்ட் தவறு – நிறுத்திய வால்யூம் டிஸ்கவுண்டைத் திரும்பத் தர வேண்டி

விற்பனைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சார்ட் வந்தது. இடது ஓரத்தில் பட்டியல் விலை 100 என்று உயரமாக நிற்கிறது. அங்கிருந்து டிஸ்கவுண்ட், ரிபேட், ஃபிரைட் என்று படிப்படியாக இறங்கி, வலது ஓரத்தில் 63-இல் முடிகிறது. எங்களிடமிருந்து உங்கள் கைக்கு வந்து சேருவது அவ்வளவுதானாம். விநியோகஸ்தர்களின் சராசரி 67 என்பதால் எங்களுக்கான 5 சதவீத வால்யூம் டிஸ்கவுண்டை நிறுத்துவதாகக் கூடவே ஒரு கடிதமும் வந்தது.

சார்ட் போட்டதில் எங்களுக்கு வருத்தமில்லை. இன்வாய்ஸில் தெரியாத கழிவுகளையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் பாதிப் படிகள் எங்கள் கணக்கில் நடக்கவே இல்லை.

முதல் படியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிரேட் டிஸ்கவுண்ட் 20, வால்யூம் டிஸ்கவுண்ட் 5, ஆக 25 என்று கூட்டியிருக்கிறீர்கள். உங்கள் இன்வாய்ஸே அப்படிப் போடுவதில்லை. 20 கழித்த பிறகு மிஞ்சும் 80-இல்தான் 5 சதவீதம் கழிகிறது, அதாவது 4. எனவே இன்வாய்ஸ் விலை 76. சார்ட்டில் இருக்கும் 75 அல்ல. கேஷ் டிஸ்கவுண்டும் அப்படித்தான். பத்து நாளில் பணம் கட்டிய பில்லுக்கு மட்டும், அதுவும் இன்வாய்ஸ் தொகையில்தான் 2 சதவீதம் கிடைக்கும். மதிப்பில் பாதிக் கொள்முதலுக்குத்தான் நாங்கள் அப்படிக் கட்டினோம். நியாயமாக 0.76 கழிய வேண்டிய இடத்தில் முழுசாக 2 கழித்திருக்கிறீர்கள்.

ரிபேட் விஷயம்தான் மனதை உறுத்துகிறது. ஆண்டுக்கு 12,000 பெட்டி தாண்டினால் 4 சதவீதம் என்பது பேச்சு. ஆண்டு முடிய நாற்பது நாள் இருக்கும்போதே கடைசியாக 500 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தோம். ஸ்டாக் இல்லை, வரும் என்றீர்கள். வந்தது, ஆனால் இன்வாய்ஸ் தேதி ஆண்டு முடிந்து நான்காம் நாள். எங்கள் கணக்கு 11,640-இல் நின்றுவிட்டது. ஸ்லாப் எட்டவில்லை என்று கிரெடிட் நோட் மறுக்கப்பட்டது. சரி, விதி விதிதான் என்று இருந்துவிட்டோம். இப்போது சார்ட்டைப் பார்த்தால், அதே ரிபேட்டுக்காக 4 கழிந்திருக்கிறது! ஆண்டுத் தொடக்கத்தில் செலவாக ஒதுக்கி வைத்ததை யாரும் திருப்பி எழுதவில்லை போலிருக்கிறது. எங்கள் லெட்ஜரில் அப்படி ஒரு கிரெடிட் நோட் இல்லை. உங்களிடம் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள்.

அடுத்தது ஃபிரைட், 6. இது எப்படி வந்தது என்று உங்கள் கணக்குப் பிரிவில் கேட்டேன். மொத்த லாரி வாடகையை மொத்த விற்பனையால் வகுத்து, எல்லோர் தலையிலும் ஒரே விகிதத்தில் போட்டிருக்கிறார்களாம். பத்துப் பெட்டி வாங்குகிறவருக்கும் லாரி நிறைய ஏற்றுகிறவருக்கும் ஒரே விகிதம் என்றால், அவருடைய வாடகையை நாங்கள் சுமக்கிறோம் என்றுதான் அர்த்தம். போன ஆண்டு எங்களுக்கு வந்தவை 24 லோடு. அதில் 22 முழு லாரி. மற்ற இரண்டும் நாங்கள் அவசரம் என்று கேட்டதால் சின்ன வண்டியில் தனியாக வந்தவை. அவற்றின் வாடகை அதிகம். அதைத் தாராளமாக எங்கள் கணக்கிலேயே வையுங்கள். அவற்றையும் சேர்த்து 24 லாரி ரசீதுகளையும் கூட்டிப் பார்த்தோம்: பட்டியல் விலையில் 2.5 தான் வருகிறது.

ஆக, 76-இல் 0.76-ம் 2.5-ம் போனால் 72.74. அந்த ரிபேட்டை நீங்கள் உண்மையிலேயே கொடுத்திருந்தால்கூட, இன்வாய்ஸ் விலை 76-இல் 4 சதவீதமாக இன்னொரு 3.04 குறைந்து 69.70 ஆகியிருக்கும். இரண்டுமே உங்கள் சராசரிக்கு மேல்தான். எங்களை அதற்குக் கீழே தள்ளியது நீங்கள் போட்ட கூட்டல் மட்டுமே.

எனவே சராசரியை விட்டு, ஒவ்வொரு இன்வாய்ஸ், கிரெடிட் நோட், லாரி ரசீதாக எடுத்துச் சார்ட்டைத் திருத்தித் தாருங்கள். வால்யூம் டிஸ்கவுண்டை நிறுத்திய தேதியிலிருந்தே திரும்பத் தாருங்கள். ரிபேட்டைப் பொறுத்தவரை, ஒன்று கிரெடிட் நோட் கொடுங்கள், இல்லையென்றால் சார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 24 ரசீதுகளின் நகல், லெட்ஜர் பக்கங்கள், அந்த 500 பெட்டி ஆர்டரின் தேதியிட்ட நகல் எல்லாம் இத்துடன் உள்ளன. பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். அதுவரை புதிய விலையில் ஆர்டர் போடுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் விநியோகஸ்தர்