‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதித் தராதீர்கள்: சிக்கிள் செல் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘சிக்கிளிங் டெஸ்ட்: பாசிட்டிவ்’. இந்த ஒற்றை வரியோடு முடிவுத் தாளை வாங்கிப் போகிறவர், தனக்குத் தீராத நோய் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார். அவர் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் வெறும் கேரியராக இருக்கலாம். அந்தத் தாளைப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது.

காரணம் உங்களுக்கே தெரியும். சோதனைக் குழாயில் இரத்தத்தை விட்டதும் கரைசல் கலங்கி, பின்னாலிருக்கும் கோடுகள் மறைந்தால் ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறது என்று பொருள். கேரியரின் இரத்தத்திலும் கலங்கும், நோயாளியின் இரத்தத்திலும் கலங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ்தான்.

ஒருவருக்கு அதில் இயல்பான ஹீமோகுளோபினான ஏ 58 சதவீதம், எஸ் 38 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ கூடுதல், எஸ் குறைவு: இவர் கேரியர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் எஸ் மரபணு வந்திருக்கிறது. இருவரிடமிருந்தும் வந்திருந்தால், சமீபத்தில் இரத்தம் ஏற்றாதவரை, ஏ இருக்கவே இருக்காது. கேரியர் நிலை வயதானால் நோயாக மாறும் என்பது வீண் பயம். பிறந்தபோது இருந்த மரபணு அப்படியேதான் இருக்கும். கேரியராக இருப்பதால் இரத்தசோகையும் வராது. ஹீமோகுளோபின் 8 என்று வந்தால் ‘அதுதான் கேரியராச்சே’ என்று விட்டுவிடாமல், இரும்புச்சத்துக் குறைவு போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிறுநீரில் இரத்தம் வரலாம். வெயிலில், தண்ணீர் குடிக்காமல், உடலை மிஞ்சி உழைத்தால் அரிதாகத் தசை சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்ததுதான் என்னை அதிகம் உறுத்துவது. அந்தக் கேரியரின் மனைவிக்கும் அதே கலங்கல் சோதனையைச் செய்து, ‘நெகட்டிவ், பயமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனை எஸ்ஸைத் தவிர வேறெதையும் பார்க்காது. அவருக்குச் சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 66 என்று குறைந்தும், ஹீமோகுளோபின் ஏ2 5.2 சதவீதம் என்று கூடியும் இருந்தால், அவர் பீட்டா தலசீமியா கேரியராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், குழந்தை எஸ்ஸையும் தலசீமியா மரபணுவையும் சேர்த்துப் பெறும். அது கேரியர் நிலை இல்லை, சிக்கிள் செல் நோய். முதல் குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டாலும் அடுத்த குழந்தைக்கு அதே வாய்ப்புதான்.

ஆகவே பாசிட்டிவ் என்று அச்சிடும் இடத்திலேயே ‘இது கேரியர் நிலையா, நோயா என்பது எச்பிஎல்சியில்தான் தெரியும்’ என்று சேர்த்து அச்சிடுங்கள். துணைவருக்கு இரத்த அணு எண்ணிக்கையும் எச்பிஎல்சியும் பார்க்காமல் ‘பயமில்லை’ என்று அனுப்பாதீர்கள்.